விடிந்தால் என்ன கிழமை

அந்த அக்காவின் கழுத்தில் தாலி இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டேப் இருந்தது. அறுபது இஞ்ச் மஞ்சள் டேப். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அதில் இஞ்ச் எண்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பேனாவால் எழுதியிருப்பார். ஒன்றுக்குப் பக்கத்தில் ‘அசு’, இரண்டுக்குப் பக்கத்தில் ‘பர’, மூன்றில் ‘கிரு’, நான்கில் ‘ரோ’. அப்படியே போய் இருபத்தேழில் ‘ரே’. அசுவினியில் தொடங்கி ரேவதி வரை இருபத்தேழு நட்சத்திரம். இருபத்தெட்டில் மறுபடி ‘அசு’ என்று தொடங்கி ஐம்பத்து நான்கில் இன்னொரு ரேவதியோடு முடியும். மிச்சம் ஆறு இஞ்ச் வெறுமையாகத் தொங்கும்.

எங்கள் வீடு சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையை அக்காவுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஜாக்கெட் பிட்டுகள் அடுக்கிய ஷெல்ஃப், சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர், அதன் கீழே ஆணியில் கட்டாகத் தொங்கும் பழைய பஞ்சாங்கங்கள். அப்போது அக்காவுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். எனக்கு இருபத்து நான்கு. மாவட்டம் பிரிந்த புதிது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் எனக்குத் தட்டச்சர் வேலை கிடைத்திருந்தது.

கல்யாண ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள்தான் அக்காவிடம் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் ஜாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொருத்தத்துக்குக் காசு வாங்கமாட்டார். “நான் ஜோசியம் பாக்கலம்மா. அளவு பாக்கறேன்” என்பார். முழு ஜாதகம், கட்டம், செவ்வாய் தோஷம், தசை என்று யாராவது ஆரம்பித்தால் பெரிய தெரு ஜோசியரிடம் போகச் சொல்லிவிடுவார். அவர் பார்ப்பது நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்க்கும் பத்துப் பொருத்தம் மட்டும்.

யார் வந்தாலும் அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்வி. பேர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், போட்டோவை நீட்டினால் ஓரமாக வைத்துவிடுவார். நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு, ராத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் தலையை நிமிர்த்துவார்.

“விடிஞ்சா இன்னா கிழமை?”

இதைக் கேட்காமல் டேப்பைத் தொடமாட்டார்.

முதலில் எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோதுதான் புரிந்தது. கடலை போடுகிற வீடு. அப்பா, அம்மா, நடுவில் தலை குனிந்த பெண். பெண்ணுக்குப் பரணி, மாப்பிள்ளைக்குப் பூரம். இரண்டு ஜோசியர்கள் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

“எப்ப பொறந்துச்சி?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிங்க” என்றார் அப்பா, துண்டுச்சீட்டைப் பார்த்து.

“நீங்க சொல்லுங்கம்மா. விடிஞ்சா இன்னா கிழமை?”

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. “விடிஞ்சா வெள்ளிங்க. காலைல கூழ் ஊத்த வச்சிருந்தோம் அம்மனுக்கு. நான் படுத்துக்கினேன்.”

அக்கா டேப்பை விட்டுவிட்டு ஆணியிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொன்னார். “இங்கிலீசு தேதி ராத்திரி பன்னண்டு மணிக்கு மாறிடும். நம்ம நாளு அப்டி இல்ல. பொழுது விடிஞ்சாதான் அடுத்த நாளு. ராத்திரி ரெண்டு மணின்னா ஆஸ்பத்திரில வெள்ளின்னு எழுதிடுவான். நமக்கு அது வியாழக்கிழமை ராத்திரி. நீங்க போயி ஜோசியர்கிட்ட ‘வெள்ளிக்கிழமை ராத்திரி’ன்னு சொல்லியிருக்கீங்க. அவரு வெள்ளி போயி சனி விடியற ராத்திரிய எடுத்துக்கினு எழுதிட்டாரு. முழுசா ஒரு நாளு தள்ளிடுச்சி. ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம். பொண்ணு பரணி இல்ல. அசுவினி.”

பரணியும் பூரமும் ஒரே ரஜ்ஜு, அதனால்தான் ஜோசியர்கள் தள்ளியிருக்கிறார்கள். அசுவினி வேறு ரஜ்ஜு. அந்தக் கல்யாணம் நடந்தது. அடுத்த அறுவடைக்கு ஒரு மூட்டை பச்சைக் கடலைக்காய் வந்து இறங்கியது. நாங்களும் அவித்துத் தின்றோம்.

ரஜ்ஜு என்றால் கயிறு. தாலிக்கயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். பத்துப் பொருத்தத்தில் மற்ற எதுவும் கூடக் குறைய இருக்கலாம், இது கட்டாயம் என்பார்கள். அக்கா இதை நினைவு வைத்திருந்த விதம் தையல்காரிக்கே உரியது. “ஆள அளக்கற மாதிரிதான். அசுவினி கால். பரணி தொடை. கிருத்திகை வயிறு. ரோகிணி கழுத்து. மிருகசீரிடம் தலை. ஏறியாச்சா? இப்ப எறங்கு. திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் கால். அடுத்தது மகம். மறுபடி கால்லேர்ந்து ஏறு.” இப்படி ஒன்பது ஒன்பதாக மூன்று முறை ஏறி இறங்கினால் இருபத்தேழும் முடிந்துவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. இரண்டு பேருக்கும் கால் என்றால் ஊர் ஊராக அலைச்சல். தொடை என்றால் கையில் பணம் தங்காது. வயிறு என்றால் குழந்தைக்கு ஆகாது. கழுத்து என்றால் பெண்டாட்டிக்கு. தலை என்றால் புருஷனுக்கு. மூன்று நட்சத்திரம்தான் தலை: ஐந்தாவது மிருகசீரிடம், பதினாலாவது சித்திரை, இருபத்து மூன்றாவது அவிட்டம்.

நான் அவிட்டம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. என் பிறந்த நட்சத்திரத்தன்று பெரிய கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வரும் அம்மா, விபூதியை அக்காவிடமும் கொடுப்பார். அக்கா அன்றைக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவார், பிட்டும் அவர் செலவுதான். அளவே எடுக்கமாட்டார். “உயரம் பதினாலு, தோள் பதினாலரை. உன் அளவு எனக்குத் தெரியாதா” என்பார்.

ஆபீசில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தபோது, ஒரு நாள் நானே டேப்பை எடுத்துப் பார்த்தேன். பெண் ரோகிணி, மாப்பிள்ளை பூசம். எண்ணும்போது பெண் நட்சத்திரத்திலிருந்து மாப்பிள்ளை நட்சத்திரத்துக்குத்தான் எண்ண வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ரோகிணி நான்காவது இஞ்ச், பூசம் எட்டாவது. வித்தியாசம் நாலு. தினப் பொருத்தத்துக்கு இரட்டைப்படை நல்லது, நாலு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா வாயிலிருந்த நூலைத் துப்பினார்.

“துணிய அளந்தா நாலு. நட்சத்திரத்த எண்ணுனா அஞ்சு. நிக்கற எடத்தையும் சேத்து எண்ணணும். ரோகிணி ஒண்ணு, மிருகசீரிடம் ரெண்டு, திருவாதிரை மூணு, புனர்பூசம் நாலு, பூசம் அஞ்சு.”

தினம் என்பது அன்றாட உடல்நலமும் ஆயுளும். வந்த எண்ணை ஒன்பதால் வகுத்து மிச்சம் இரண்டு, நாலு, ஆறு, எட்டு, அல்லது மிச்சமே இல்லை என்றால் சேரும். ஐந்து சேராது. நான் ஒரு இஞ்ச் ஏமாந்ததில் ஆபீஸ் பெண்ணுக்கு ஒரு பொருத்தம் போயிற்று. நான் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள்.

அக்காவின் சொந்தக் கதை யாருக்கும் முழுதாகத் தெரியாது. செங்கம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிட்டார், அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா ஒருமுறை வாயை அடக்க முடியாமல், “உனக்குப் பொருத்தம் பாக்கலியா அப்போ?” என்று கேட்டுவிட்டார்.

“பாத்தாங்க. ஒம்போது இருந்துச்சி. மாப்பிள்ளதான் பொருந்தல” என்றார் அக்கா, மெஷினை நிறுத்தாமல். பிறகு அந்த அம்மாவின் ஜாக்கெட்டை வாரக்கணக்கில் இழுத்தடித்தார்.

அப்படியானால் இதையெல்லாம் நம்புகிறாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். “நம்பறது இன்னா இருக்குது. அவங்க அளவு கேக்கறாங்க. அளவ தப்பா சொல்லக்கூடாது. அரை இஞ்சு ஜாஸ்தி வச்சாலும் தொங்கும், கம்மி வச்சாலும் புடிக்கும்” என்றார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அளவைத் தப்பாகச் சொல்லாதவர்.

எங்கள் ஆபீசில் சர்வே பிரிவில் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் டைப் அடிக்கும் கடிதங்களில் சர்வே எண் தப்பாக இருந்தால் பென்சிலால் லேசாக வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரு வருஷம் அந்த வட்டங்கள் வந்தன. பிறகு டவுன் பஸ்ஸில் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தோம். காதல் என்று அதைச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்குப் பிடிக்காமல் போயிற்று, அவ்வளவு நிச்சயம். அவருக்குக் கீழ்பென்னாத்தூர். அப்பா அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மட்டும். எங்கள் ஜனம்தான், அதனால் சண்டைக்கும் வழியில்லை.

அவருடைய அம்மாவும் மாமாவும் வந்தார்கள். காபி சாப்பிட்டார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்குப் பொண்ண புடிச்சிருக்கு. பொருத்தம் மட்டும் பாத்துடலாம். எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்” என்றார். அவர் நட்சத்திரம் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள், என்னுடையதை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சித்திரை.

இரண்டும் தலை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் ஏதாவது தேறும் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்தோம். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா என் ஜாதகத்தைப் படித்தார். “புதன்கிழமை இரவு மூன்று மணி பத்து நிமிஷம். அவிட்டம். மகர ராசி.”

“அது தெரியாதா” என்றார் அக்கா. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். இருபத்து மூன்றில் இடது கட்டைவிரல். சித்திரை பதினாலு, அது பின்னால் போய்விட்டதால் இரண்டாவது சுற்றில் நாற்பத்தொன்று. அங்கே வலது கட்டைவிரல். நிற்கிற இடத்தையும் சேர்த்துப் பத்தொன்பது.

“தினம். பத்தொம்போத ஒம்போதால வகுத்தா மிச்சம் ஒண்ணு. இல்ல.”

“கணம். கொணம் பாக்கறது. தேவ கணம், மனுஷ கணம், ராட்சச கணம்னு மூணு. அவிட்டம் ராட்சசம், சித்திரையும் ராட்சசம். ஒரே கணம், இருக்குது.” அப்பா சிரித்து, “ரெண்டும் ராட்சசமா, வெளங்கும்” என்றார். “சண்ட போட்டாலும் சமமா போடுவாங்க” என்றார் அக்கா.

“மகேந்திரம். புள்ளக்குட்டிக்கு. நாலு, ஏழு, பத்துன்னு மூணு மூணா ஏறணும். பதிமூணு, பதினாறு, பத்தொம்போது. இருக்குது.”

“ஸ்திரீ தீர்க்கம். பொண்ணு நல்லா இருக்கறதுக்கு. மாப்பிள்ள நட்சத்திரம் பதிமூணுக்கு மேல தள்ளி இருக்கணும். பத்தொம்போது, இருக்குது.”

“யோனி. தாம்பத்தியம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம். அவிட்டம் சிங்கம், சித்திரை புலி. பூனை எலி, பாம்பு கீரி, பசு புலி மாதிரி பகையா இருந்தாத்தான் ஆகாது. சிங்கத்துக்குப் பகை ஆனை. இது பரவால்ல, இருக்குது.”

நான் விரல் மடக்கிக்கொண்டே வந்தேன். நாலு.

ராசிக்கு வந்தபோது அக்கா டேப்பைத் திருப்பினார். இருபத்தேழு நட்சத்திரத்தையும் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஒரு ராசிக்கு இரண்டே கால் நட்சத்திரம். அதனால் சில நட்சத்திரம் இரண்டு ராசியில் உடையும். சித்திரையின் முதல் பாதி கன்னி, பின் பாதி துலாம். சீட்டில் கன்னி என்று போட்டிருந்தது. பெண்ணின் ராசியிலிருந்து மாப்பிள்ளை ராசி ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். மகரத்திலிருந்து கன்னி ஒன்பது. இருந்தது. ராசி அதிபதி என்றால் இரண்டு ராசிக்கும் உரிய கிரகங்கள் தங்களுக்குள் நட்பா என்பது. மகரத்துக்குச் சனி, கன்னிக்குப் புதன், இரண்டும் நட்பு. இருந்தது. வசியம் என்பது ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பு. மகரத்துக்கு வசியம் மேஷமும் கும்பமும்தான். கன்னி இல்லை.

ஆறு விரல். அப்பாவும் எண்ணியிருக்கிறார். “ஆறு ஆச்சு. அஞ்சு இருந்தாலே செய்யலாம்பாங்க” என்றார்.

அக்கா டேப்பை மடித்தார். பிறகு துணிக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார். “ரெண்டும் தலை ரஜ்ஜு. அதோட வேதை வேற. சில நட்சத்திரத்துக்கு சில நட்சத்திரம் ஆகாது, இடிக்கும். மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூணும் ஒண்ணுக்கொண்ணு வேதை. மத்த ஆறு இருந்து பிரயோசனம் இல்ல.”

“ஒரு பரிகாரம் கிரிகாரம்?” என்றார் அப்பா.

“அத கோயில்ல கேளுங்க. எங்கிட்ட டேப்புதான் இருக்குது.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். அரிசியில் பொறுக்கிய நாலைந்து கற்கள் உள்ளங்கையில் இருந்தன. எங்கே போடுவது என்று தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஜாதகம் படிக்கும் இடத்தில் அவர் பேசிப் பழக்கமில்லை.

கீழ்பென்னாத்தூர் ஜோசியரும் இதையேதான் சொன்னார். அதே சீட்டு, அதே அவிட்டம், வேறு என்ன சொல்வார். அடுத்த நாள் வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் அவர் வந்து நின்றார்.

“அம்மா சாப்பிடல. அப்பாவ எடுத்துக்கினு போன மாதிரியே என்னையும் யாரோ எடுத்துக்கினு போறாங்கன்னு அழுவுறாங்க.”

“புரியுதுங்க.”

“நான் வேணும்னா இன்னும் ஒருவாட்டி சொல்லிப் பாக்கறேன்.”

“வேணாங்க” என்றேன். உண்மையில் எனக்கே பயமாக இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அவர் செத்துப்போனால் என்ன செய்வது. நான் அதை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஆறு மாதத்தில் அவர் செய்யாறுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் கடிதங்களில் யாரும் பென்சில் வட்டம் போடவில்லை, தப்போடேயே போயின.

எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் நான் தைரியசாலி என்றார்கள். அது தைரியம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படித்தான். எனக்கு அந்த மரப்பு இறங்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வேலூரில் ஒரு வரன் வந்தது. சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி. அக்கா டேப்பைப் பிடித்தார். இருபது வந்தது. ஏழு பொருத்தம். ரஜ்ஜு எனக்குத் தலை, அவருக்குக் கழுத்து, தட்டவில்லை. வேதை இல்லை. “பண்ணலாம்” என்றார். பண்ணினார்கள். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். என் டைப்பில் தப்பிருக்கிறதா என்று பார்க்கமாட்டார். ஒரு பெண் குழந்தை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, நானும் சொன்னதில்லை.

பத்து வருஷம் போயிற்று. அப்பா இறந்துவிட்டார். கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். என் மகள் பாட்டியிடம், அம்மா எப்படிப் பிறந்தாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு செவ்வாய்க்கிழமை. எனக்கு ஒருபொழுது. பகல்ல மட்டும் சாப்டுட்டு ராத்திரி வெறும் வயித்தோட படுத்தேன். வலி எடுத்துக்கிச்சி. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கினு போனோம். மூணு மணிக்கு உங்கம்மா பொறந்தா. பொழுது விடிஞ்சதும் முதல் வேலையா ஒரு கப் காபி குடுத்தாங்க, அது இன்னும் நாக்குல இருக்குது.”

நான் மடித்த துணியை வைத்தேன். “விடிஞ்சா என்ன கிழமம்மா?”

“விடிஞ்சா புதன். செவ்வாய்க்கிழமை ராத்திரின்னா வேற இன்னா?”

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. புதன், அதிகாலை மூன்று பத்து. என் ஜாதகமும் இருந்தது. புதன்கிழமை இரவு, மூன்று பத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே தெரிந்தன. அப்பா சீட்டைப் பார்த்து, புதன்கிழமை ராத்திரி மூன்று பத்து என்று ஜோசியரிடம் சொல்லியிருக்கிறார். ஜோசியர் புதன் போய் வியாழன் விடிகிற ராத்திரிக்கு எழுதிவிட்டார். கடலைக்காய் வீட்டில் நடந்த அதே பிசகு.

முன்னறையில் அக்கா தைத்துக்கொண்டிருந்தார். மெஷினில் மோட்டார் வைத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார், டேப் மாறவில்லை. நான் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தி, ஆணியிலிருந்த கட்டில் நான் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார். விரல் வைத்து இரண்டு முறை பார்த்தார்.

“திருவோணம்” என்றார்.

“சித்திரைக்குப் பாருங்க்கா.”

இருபத்திரண்டில் இடது விரல், நாற்பத்தொன்றில் வலது விரல். “இருவது. மிச்சம் ரெண்டு, தினம் இருக்குது. கணம் இல்ல, திருவோணம் தேவ கணம். மகேந்திரம் இல்ல. தீர்க்கம் இருக்குது. கொரங்கும் புலியும் பகை இல்ல. ராசி அதேதான், ராசி ரெண்டும் இருக்குது. வசியம் இல்ல.” இரண்டு விரலையும் மறுபடி பார்த்தார். “உனக்குக் கழுத்து. அவருக்குத் தலை. ரஜ்ஜு தட்டல. வேதையும் இல்ல. ஏழு.”

“சுவாதிக்கு?”

டேப்பில் ஒரு இஞ்ச்தான் தள்ள வேண்டும். அக்கா தள்ளவில்லை. நானே சொன்னேன். “சுவாதியும் கழுத்து. ரெண்டும் கழுத்து ரஜ்ஜு. பொண்டாட்டிக்கு ஆகாது. பத்து வருஷமா உயிரோடதான் இருக்கேன்.”

அதைச் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. எனக்கு இல்லை என்று சொன்ன பொருத்தம் எனக்கு இருந்தது. எனக்கு இருக்கிறது என்று சொன்ன ஏழும், எனக்கு ஒரு நாள் கழித்துப் பிறந்த வேறு எவளுக்கோ உரியது. அவள் எங்கே இருக்கிறாளோ.

“எல்லாரையும் கேட்டீங்க. கடலைக்கா வீட்டுக்காரங்கள கேட்டீங்க. என்னைய மட்டும் ஏங்க்கா கேக்கல?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அவர் கண்கள் கண்ணாடி இல்லாமல் பழக்கம், இப்போது வேறு யாருடையதோ போல இருந்தன.

“வருஷா வருஷம் உங்கம்மா அவிட்டத்துக்கு அர்ச்சன பண்ணிட்டு வந்து விபூதி குடுத்தாங்க. நான் ஜாக்கெட் தச்சிக் குடுத்தேன். வெளியாளுன்னா கேட்டிருப்பேன். உன்ன எதுக்குக் கேக்கணும்னு இருந்துட்டேன்.”

“கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அம்மாவுக்குத்தான் தெரியும்.”

“அவங்களும் இங்கதான உக்காந்திருந்தாங்க. அரிசி பொறுக்கிக்கினு.”

உள்ளே அம்மா என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவரிடம் இதைச் சொல்வதில்லை என்று நானும் அக்காவும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. என் பிறந்தநாளுக்கு அவிட்டத்துக்குத்தான் அர்ச்சனை செய்கிறார்.

அக்கா ஷெல்ஃபிலிருந்து ஒரு பிட்டை எடுத்தார். மயில் கழுத்து நிறம். “தீபத்துக்குக் கட்டிக்க. எழுந்து நில்லு, அளவு எடுக்கறேன்.”

“என் அளவு உங்களுக்குத் தெரியுமேக்கா.”

“இல்ல. எழுந்து நில்லு.”

நின்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அளவெடுத்தார். தோள் ஒரு இஞ்ச் கூடியிருந்தது. கையும் கூடியிருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதினார். கடைசியாகத் தோளில் டேப்பின் நுனியை வைத்து மார்புக்குக் கீழே வரை இறக்கிப் பிடித்தார்.

“உயரம் பதினாலு” என்றார். “அது மட்டும் மாறல.”

குனிந்து பார்த்தேன். பதினாலாம் எண் தெரிந்தது. அதன் பக்கத்தில் எழுதியிருந்த நட்சத்திரத்தை அவர் கட்டைவிரலால் மூடிப் பிடித்திருந்தார். எழுதி முடித்த பிறகும் அந்த விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.